வாய்க்கால் தந்த சொந்தங்களுக்கு நன்றி

எல்லாருக்கும் வணக்கம். பின்னால் பந்தல் வரைக்கும் சத்தம் கேட்குதா? சரி.

எழுபத்தைந்துக்கு விழா எதற்கு, எண்பதுக்குச் சதாபிஷேகம் வரும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். பெரியவள் விடவில்லை. "அப்பா, மாமா வரணும், அத்தை வரணும், எல்லாரும் நல்லா நடமாடிட்டு இருக்கும்போதே கூப்பிடணும்" என்று சொல்லிவிட்டாள். அதற்கு மேல் நான் பேசவில்லை. காலையில் பூமிநாதர் கோயிலில் அர்ச்சனை முடிந்து வெளியே வந்தால், மண்டப வாசலில் உங்கள் முகங்கள். இவ்வளவு பேர் வந்துவிட்டார்களே என்று ஒரு நிமிஷம் பேச்சே வரவில்லை எனக்கு.

தாராவியிலிருந்து மச்சான் வந்திருக்கிறார். முழங்கால் வலியோடு ஒன்றரை நாள் ரயிலில் உட்கார்ந்து வந்தவர், வீட்டுக்குப் போய்க் காலை நீட்டிப் படுக்காமல் நேரே இங்கே வந்து வாழைமரம் கட்டுகிற பையன்களை மேய்த்துக்கொண்டிருக்கிறார். மச்சான், அந்த முதல் நாற்காலியில் உட்காருங்க. மெட்ராஸிலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸில் வந்த தம்பி குடும்பம், தூத்துக்குடிச் சித்தி, கல்லிடைக்குறிச்சியிலிருந்து வேன் பிடித்து வந்த கூட்டம், எல்லாருக்கும் நன்றி. கைக்குழந்தையோடு வந்த மருமகப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு நன்றி.

இங்கே இருக்கிற சின்னப் பிள்ளைகளுக்குத் தாத்தா என்ன வேலை பார்த்தேன் என்று தெரியாது. பொதுப்பணித் துறையில் லஸ்கர். கன்னடியன் வாய்க்காலில் ஷட்டரைத் திறக்க வேண்டும், அடைக்க வேண்டும், கரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பாபநாசம் அணையில் திறந்துவிடுகிற தண்ணீர் தாமிரபரணியில் வந்து, கன்னடியன் அணைக்கட்டில் பிரிந்து, கல்லிடைக்குறிச்சி, நம்ம வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை, கோபாலசமுத்திரம் என்று போகும். 12,500 ஏக்கர் ஆயக்கட்டு. சாரல் நன்றாக விழுந்தால் ஜூனில் கார் நெல் சாகுபடிக்குத் திறப்பார்கள், அப்புறம் ஐப்பசி மழையை நம்பிப் பிசான சாகுபடி. ஒரு ஷட்டர் சாவியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அவ்வளவு பெரிய ஆயக்கட்டுக்கு ஒருத்தன் தண்ணீர் பங்கு வைக்க முடியுமா? முடியாது. நீங்கள் எல்லாரும் சேர்ந்துதான் என்னை அந்த வேலையைப் பார்க்க வைத்தீர்கள். இன்றைக்கு நான் சொல்ல வந்ததே அதுதான்.

முன் வரிசையில் கட்டம் போட்ட துண்டோடு உட்கார்ந்திருக்கிறாரே, அந்த மாமாவைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும். ஒரு பிசானத்தில் மழை ஏமாற்றிவிட்டது. அணையில் தண்ணீர் அடியில் கிடக்கிறது, பயிர் எல்லா இடத்திலும் பொதிப் பருவம், முறைத் தண்ணீர்தான் விடுகிறோம். மேல்மடைக்காரர்கள் ராத்திரி மடையை அடைத்தால்தான் விடிவதற்குள் தண்ணீர் கீழே போய்ச் சேரும். அடைத்துவிட்டுப் போனால் யாராவது வந்து பிடுங்கிவிடுவார்களோ என்று எனக்குப் பயம். சைக்கிளை மிதித்துக்கொண்டு மாமா மடைக்குப் போனால், அங்கே அரிக்கேன் விளக்கு எரிகிறது. மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வைக்கோலையும் களிமண்ணையும் மிதித்து மிதித்துத் தன் மடையைத் தானே அடைத்துக்கொண்டிருக்கிறார். கசிவு நிற்கிற வரைக்கும் கையால் தடவித் தடவிப் பார்த்தார். அப்புறம் கரையில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்துகொண்டு, "நீ கீழே போய்ப் பாருப்பா, இங்கே ஒருத்தனும் கை வைக்க மாட்டான்" என்றார்.

மாமா, உங்க வயலும் அன்றைக்குப் பொதிதான். எனக்குத் தெரியும். உங்க வரப்பில் நின்று பார்த்தேன், மண் வெடிக்க ஆரம்பித்திருந்தது. அந்த ராத்திரியை நான் மறக்கவே இல்லை மாமா. இத்தனை வருஷம் கழித்து இத்தனை பேர் முன்னால் கும்பிட்டுச் சொல்கிறேன், ரொம்ப நன்றி.

அந்தத் தண்ணீர் போய்ச் சேர்ந்தது யார் வயலுக்கு என்றால், அதோ மூன்றாவது வரிசையில் இருக்கிற பத்தமடை அக்கா வயலுக்கு. அத்தான் காலமாகி, அக்கா தனியாக நின்று விவசாயம் பார்த்த காலம். அந்த அறுவடை முடிந்ததும் ஒரு பையில் புது அரிசி கொண்டுவந்து எங்கள் வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு, ஒரு வாய் காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு அறுவடைக்கும் அம்பை 16 புது அரிசி வரும். நான் ரிட்டயர் ஆன பிறகும் நிற்கவில்லை. அக்கா, எங்கள் பிள்ளைகள் உங்கள் சோறு சாப்பிட்டு வளர்ந்தவர்கள்.

1992 நவம்பர் வெள்ளத்தில் கரை உடைந்தபோது சாக்கில் மண் அள்ளிப் போட்ட பையன்கள், இப்போது எல்லாருக்கும் மீசை நரைத்துவிட்டது, மூன்று நாலு பேரை இங்கேயே பார்க்கிறேன். யாரும் உங்களைக் கூப்பிடவில்லை. நீங்களே மண்வெட்டியோடு வந்தீர்கள். உங்களுக்கும் நன்றி. அன்றைக்கு வந்தவர்களில் இன்றைக்கு இல்லாதவர்களையும் நினைத்துக்கொள்கிறேன்.

அப்புறம் உங்க மதினி. மேடைக்குக் கூப்பிட்டால் வர மாட்டேன் என்கிறாள், அங்கேயே இருக்கட்டும். மழைக்காலத்தில் ராத்திரி எந்நேரம் ஆனாலும் மேற்கே மலையைப் பார்த்துவிட்டு, "கறுத்திட்டு வருது, சாவியை எடுத்துட்டுக் கிளம்புங்க" என்று என்னை எழுப்பிவிடுகிறவள் அவள்தான். நான் கரையில் கிடந்த ராத்திரிகளில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் தோளில் போட்டுக்கொண்டு தனியாக ஆஸ்பத்திரிக்கு நடந்திருக்கிறாள். ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டினது இல்லை. எனக்குச் சம்பளம் வந்த வேலையில் பாதி அவள் பார்த்த வேலை. இதை வீட்டில் வைத்துச் சொல்லத் தெரியவில்லை, அதனால் இங்கே சொல்கிறேன்.

பெரியவளுக்கும் சின்னவனுக்கும் மருமகளுக்கும் மருமகனுக்கும் நன்றி. அலைந்து திரிந்து இதை நடத்தியிருக்கிறீர்கள். பேத்தி வரைந்து கொடுத்த படத்தில் தாத்தா சைக்கிளும் ஷட்டரும் இருக்கிறது. அதைச் சட்டம் போட்டு மாட்டப் போகிறேன்.

மொய் வேண்டாம் என்று பத்திரிகையிலேயே போட்டிருந்தோம், அப்படியும் சில பேர் கையில் திணிக்கிறீர்கள். எனக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். வாய்க்காலில் அமலைச் செடி மண்டிக் கிடக்கிறது. ஜூனில் தண்ணீர் திறப்பதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம்ம ஊர் எல்லை வரைக்குமாவது இழுத்துப் போட்டுவிடுவோம். செடி தேங்கினால் கீழே இருக்கிறவர்களுக்குத் தண்ணீர் போகாது. நானும் வருகிறேன், கரையில் நின்று எங்கே இழுக்கணும் என்று சொல்கிறேன். வருகிறவர்கள் சின்னவனிடம் பேர் கொடுத்துவிட்டுப் போங்கள்.

இலை போட்டாச்சாம். சொதியும் இஞ்சிப் பச்சடியும் நம்ம கல்லிடைக்குறிச்சித் தவசுப்பிள்ளை கைப்பக்குவம், நின்று நிதானமாகச் சாப்பிடணும். பெரியவர்களும் பிள்ளைத்தாய்ச்சிகளும் முதல் பந்தியில் உட்காருங்க. வேனில் திரும்புகிறவர்களும் அதிலேயே உட்கார்ந்துவிடுங்க. போகும்போது ஆளுக்கொரு அல்வாப் பொட்டலம் வாசலில் இருக்கிறது, வாங்காமல் யாரும் போகக் கூடாது. மாமா, வாங்க, நீங்க என் பக்கத்தில் உட்காரணும்.