சான்றிதழ் ஒப்படைக்கக் கூடுதல் அவகாசம் கோரி

பாம்பன்,
27.06.2025

மதிப்பிற்குரிய கல்லூரி முதல்வர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். இளங்கலை வேதியியல் முதலாம் ஆண்டில் சேர்ந்துள்ள நான், கல்வி உதவித்தொகைக்கான வருமானச் சான்றிதழை 30.06.2025-க்குள் ஒப்படைக்க வேண்டும். மற்றச் சான்றிதழ்களை ஏற்கெனவே கொடுத்துவிட்டேன்.

மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-இல் முடிந்ததும் அப்பா கடலுக்குப் போனார். இ-சேவை மையத்தில் கேட்கும் ஓடிபி அவருடைய கைபேசிக்குத்தான் வரும். காற்று மிகுந்து, படகைத் தூத்துக்குடியில் ஒதுக்கி, அவர் வீடு திரும்ப 21-ஆம் தேதி ஆகிவிட்டது. கைபேசியோ உப்புநீரில் ஊறி, திறந்தால் மணல்தான் கொட்டியது. அதே எண்ணுக்குப் புதிய சிம் வாங்கி, 25-ஆம் தேதிதான் விண்ணப்பிக்க முடிந்தது. முன்பே விண்ணப்பித்திருக்கலாம்; அது என் தவறுதான்.

விண்ணப்பம் இப்போது கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கிறது. அடுத்து வருவாய் ஆய்வாளர், பிறகு வட்டாட்சியர் அலுவலகம். ஆகவே 10.07.2025 வரை அவகாசம் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். சான்றிதழ் கிடைத்த அன்றே நேரில் கொண்டுவந்து தருகிறேன். விண்ணப்ப ஒப்புகைச் சீட்டின் நகலையும் அப்பாவின் கையொப்பமிட்ட கடிதத்தையும் இணைத்துள்ளேன்.

தங்கள் கீழ்ப்படிந்த மாணவி,
அ. செல்வராணி