தொழில் பொறுப்புக் காப்பீட்டு பாலிசியின் கீழ் புகார் அறிவிப்பு: தேயிலைத் தொழிற்சாலை தீ விபத்து, தவறான ஆலோசனை என்ற குற்றச்சாட்டு

குன்னூர்
09.07.2025

பெறுநர்:
கிளைம் பிரிவு மேலாளர்,
தொழில் பொறுப்புக் காப்பீட்டுப் பிரிவு

ஐயா,

நேரடி காப்பீட்டு புரோக்கர்களான எங்கள் தொழில் பொறுப்புக் காப்பீட்டு பாலிசி 01.01.2025 முதல் 31.12.2025 வரை நடப்பில் உள்ளது. வரம்பு 2 கோடி ரூபாய், எங்கள் பங்குத் தொகை 1 லட்சம். புகார் வந்த காலத்து பாலிசிதான் பொறுப்பேற்கும் என்பதால் இந்த பாலிசியின் கீழ் இதைத் தெரிவிக்கிறேன். நடந்ததை ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறேன். இதில் எங்களுக்குப் பாதகமான செய்திகளும் உண்டு. அவற்றைப் பின்னால் வேறு யாராவது சொல்லி நீங்கள் கேட்பதைவிட, இப்போதே எங்களிடமிருந்து கேட்பது நல்லது என்று நினைக்கிறேன்.

புகார் கொடுத்தவர் கோத்தகிரி பக்கம் சொந்தமாகத் தேயிலைத் தொழிற்சாலை நடத்துபவர். சுற்றுவட்டார சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கி அரைப்பவர். 2017 முதல் எங்கள் வாடிக்கையாளர். பெயரும் முகவரியும் தனி உறையில் உள்ளன. கட்டடம், இயந்திரம், சரக்கு எல்லாம் சேர்த்து 5 கோடிக்குள் என்பதால் 'பாரத் சூட்சும உத்யம் சுரக்ஷா' பாலிசி எடுத்துக் கொடுத்தோம். காலம் 01.04.2024 முதல் 31.03.2025 வரை. இயந்திரங்களுக்கான காப்புத் தொகை 1.80 கோடி.

11.02.2025 இரவு டிரையர் அறையில் தீப்பிடித்தது. மறுநாள் காலை நான் நேரில் போனேன். டிரையரின் தட்டுகள் வளைந்து கிடந்தன, மேலே தகரக் கூரை கருகித் தொங்கியது. பக்கத்து அறையிலிருந்த அரவை ரோலர்கள் பாதி தப்பின. எரிந்த தேயிலை வாடை என் ஸ்வெட்டரில் இரண்டு நாள் இருந்தது. அன்று அவர் எங்கள்மேல் குறை ஏதும் சொல்லவில்லை.

சர்வேயர் இயந்திரங்களின் புது மாற்று மதிப்பை 3.00 கோடி என்று கணக்கிட்டார். கழிவுகள் போக நஷ்டம் 62 லட்சம். இந்த பாலிசியில் 15 விழுக்காடு வரை தொகை குறைவாக இருந்தால் கண்டுகொள்வதில்லை. இங்கே குறைவு 40 விழுக்காடு. ஆகவே விகிதாசாரப்படி 37.20 லட்சம் மட்டுமே தருவதாகக் காப்பீட்டு நிறுவனம் 20.06.2025 அன்று கடிதம் கொடுத்தது. மீதி 24.80 லட்சம். அந்தத் தொகையையும், 12 விழுக்காடு வட்டியையும், மன உளைச்சலுக்கு 3 லட்சத்தையும் எங்களிடம் கேட்கிறார். உற்பத்தி நின்ற நஷ்டத்தையும் குறிப்பிட்டிருக்கிறார், அதற்குத் தொகை எதுவும் சொல்லவில்லை. புகார்க் கடிதம் 04.07.2025 அன்று கையில் கிடைத்தது. 15 நாளில் பதில் இல்லையென்றால் ஊட்டியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக எழுதியிருக்கிறார்.

அவர் சொல்வதன் சாரம் இதுதான்: "கணக்குப் புத்தகத்தில் உள்ள மதிப்பே போதும் என்று உங்கள் ஆள் சொன்னார், நான் நம்பிக் கையெழுத்துப் போட்டேன்."

இனி எங்கள் கோப்பில் உள்ளது. 2022 மார்ச்சில் நாங்கள் அனுப்பிய மின்னஞ்சலில், இயந்திரங்களைப் புதிதாக வாங்கினால் என்ன விலையோ அந்த விலைக்கே காப்பீடு செய்யுங்கள், இல்லையென்றால் கிளைமில் வெட்டு விழும் என்று தெளிவாக எழுதியிருக்கிறோம். "இலை விலை படுத்துவிட்டது, இந்த வருஷம் பழைய தொகையே இருக்கட்டும்" என்று அவர் பதில் போட்டிருக்கிறார். இது எங்களுக்கு ஆதரவானது. ஆனால் இதோடு நின்றுவிடவில்லை.

2023 செப்டம்பரில் வங்கிக் கடனில் அவர் புது டிரையர் வாங்கினார். பாலிசியில் வங்கியின் பெயரைச் சேர்க்கச் சொல்லி அதன் இன்வாய்ஸை எங்களுக்கு அனுப்பினார். விலை 48 லட்சம். நாங்கள் வங்கியின் பெயரைச் சேர்த்தோம், காப்புத் தொகையை உயர்த்தச் சொல்லவில்லை. அது பற்றி ஒரு வரிகூடக் கோப்பில் இல்லை. அந்த இன்வாய்ஸில் எங்கள் அலுவலகத்தின் 'வரவு' முத்திரை இருக்கிறது.

அப்புறம் 21.03.2024 அன்று, புதுப்பித்தல் சமயத்தில், எங்கள் ஊழியர் வாட்ஸ்அப்பில் அனுப்பியது: "அண்ணா, மெஷினுக்குப் போன வருஷத் தொகையே வைங்க. புக்ல இருக்கிறது அதுதானே. பிரீமியமும் ஏறாது." அதற்கு அவர் பதில்: "சரி தம்பி." அந்த ஊழியர் 2024 அக்டோபரில் வேலையை விட்டு விலகிவிட்டார். செய்தி அலுவலகத்துக்குச் சொந்தமான போனில் இருப்பதால் அழியவில்லை. போனைப் பூட்டி வைத்திருக்கிறேன், திரைப் படங்களை இணைத்திருக்கிறேன். அவரிடம் நாங்கள் இன்னும் பேசவில்லை. நீங்களோ உங்கள் வழக்கறிஞரோ முதலில் பேசுவதே சரி.

எப்போது தெரியும் என்று நீங்கள் கேட்பீர்கள். ஜனவரியில் இந்த பாலிசியைப் புதுப்பித்தபோது தீயும் இல்லை, புகாரும் இல்லை. 03.04.2025 அன்று சர்வேயர் மதிப்புப் பட்டியல் கேட்டபோதுதான் தொகை குறைவு என் கண்ணில் பட்டது. அப்போது வாடிக்கையாளர் எங்களைக் குறை சொல்லவில்லை. கிளைம் முழுவதாகவே கிடைக்கும் என்று நம்பி அதற்காக நாங்களும் வாதாடிக்கொண்டிருந்தோம். வாட்ஸ்அப் செய்தி புகார் வந்த பிறகே எங்கள் கைக்கு வந்தது. ஏப்ரலிலேயே உங்களுக்கு ஒரு வரி எழுதியிருக்க வேண்டும் என்று இப்போது படுகிறது. அந்த மூன்று மாதத்தில் எதுவும் மறைக்கப்படவில்லை, உங்கள் நிலைக்குக் கேடாக எதுவும் செய்யப்படவும் இல்லை. இதைக் கருத்தில் கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

புகாருடன் அவர் நேரிலேயே வந்தார். முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். "எங்கப்பா கட்டின ஃபாக்டரி, நீங்க சொன்ன தொகைக்குத்தானே போட்டேன்" என்றார். விபத்துக்காக வருந்துகிறேன், புகாரை முறைப்படி பார்ப்போம் என்று மட்டும் சொன்னேன். தவறு எங்களுடையது என்றோ, பணம் தருகிறோம் என்றோ நானோ என் ஊழியர்களோ சொல்லவில்லை, எழுதவில்லை. எட்டு வருஷம் பழகியவரிடம் அப்படிப் பேசிவிட்டு அனுப்புவது எளிதாக இல்லை. அவருக்கு நியாயமான பதில் சீக்கிரம் போக வேண்டும் என்பதில் எனக்கு அக்கறை இருக்கிறது.

புரோக்கர்களுக்கான ஒழுங்குமுறைப்படி, புகார் கிடைத்த 14 நாளுக்குள் அதைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும். அதன்படி 18.07.2025 கடைசி நாள். பொறுப்பை ஏற்காத, மறுக்கவும் செய்யாத நான்கு வரிக் கடிதம் ஒன்றை வரைந்து இணைத்திருக்கிறேன். 15.07.2025க்குள் உங்கள் ஒப்புதல் கிடைத்தால் அனுப்பிவிடுவேன். வழக்கறிஞர் அமர்த்துவதாக இருந்தால் ஊட்டி ஆணையத்தில் வழக்கு நடத்திப் பழகியவராகப் பாருங்கள். உங்கள் எழுத்துபூர்வ சம்மதமின்றி எந்தச் செலவும் சமரசமும் செய்ய மாட்டோம்.

இன்னொன்றும் இருக்கிறது. அதே ஊழியர் குன்னூர், கோத்தகிரி பகுதிகளில் மேலும் 11 தொழிற்சாலைகளின் புதுப்பித்தலைப் பார்த்துவந்தார். நேற்றுவரை புரட்டிய கோப்புகளில் மூன்றில் இயந்திரத் தொகை பல வருஷமாக மாறவில்லை. அவர்கள் யாரும் புகார் சொல்லவில்லை, நஷ்டமும் ஏற்படவில்லை. என்றாலும் பின்னால் புகார் எழ இடமுள்ள சூழ்நிலை என்று இந்த 11ஐயும் இப்போதே உங்களிடம் பதிவு செய்கிறேன். பட்டியல் இணைப்பில் உள்ளது. அந்த வாடிக்கையாளர்களுக்கு மதிப்பைத் திருத்தச் சொல்லி உடனே எழுத விரும்புகிறேன். தென்மேற்குப் பருவமழை நடக்கிறது, இங்கே ஒரு மண்சரிவுக்கு நாள் பார்க்க வேண்டியதில்லை. அந்தக் கடிதத்தின் வாசகம் உங்கள் நிலைக்கு இடைஞ்சலாக இருந்தால் திருத்திக் கொடுங்கள், ஆனால் தாமதிக்க வேண்டாம்.

புகார்க் கடிதம், சர்வே அறிக்கை, நிறுவனத்தின் கடிதம், 2022 மின்னஞ்சல்கள், 2023 இன்வாய்ஸ், வாட்ஸ்அப் திரைப் படங்கள், பாலிசி நகல்கள் ஆகியவை இத்துடன் உள்ளன. மூலக் கோப்பு குன்னூர் அலுவலகத்தில் என் பொறுப்பில் இருக்கிறது. கிடைத்ததற்கான கிளைம் எண்ணுடன் பதில் அனுப்பவும்.

இப்படிக்கு,
முதன்மை அலுவலர்,
நேரடி காப்பீட்டு புரோக்கர் அலுவலகம், குன்னூர்