தாத்தா இறந்துவிட்டார்: ஆறு வயது மகனுக்குப் படித்துக்காட்ட அம்மா எழுதியது

கண்ணா, தாத்தா செவ்வாய்க்கிழமை அதிகாலையில் மருத்துவமனையில் இறந்துவிட்டார். அன்றைக்கே உன்னிடம் இதைச் சொன்னேன். ஆனால் வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள், ஆளுக்கொரு விதமாகப் பேசினார்கள். எது உண்மை என்று உனக்குக் குழப்பமாக இருந்திருக்கும். அதனால் நிதானமாக எழுதி உனக்குப் படித்துக்காட்டுகிறேன். நடுவில் ஏதாவது கேட்கத் தோன்றினால் உடனே கேள், நான் நிறுத்திவிட்டுப் பதில் சொல்கிறேன்.

உன் கையை நெஞ்சின்மேல் வைத்துப் பார். உள்ளே துடிப்பதுதான் இதயம். அது ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 லட்சம் முறை துடித்து, உடம்பு முழுவதற்கும் இரத்தத்தை அனுப்புகிறது. இதயம் வேலை செய்வதற்கும் இரத்தம் வேண்டும். அதைக் கொண்டுவருவதற்கென்று தனியாகச் சிறிய குழாய்கள் இருக்கின்றன. தாத்தாவின் இதயத்தில் அப்படிப்பட்ட குழாய் ஒன்று அடைபட்டுப்போனது. மருத்துவர்கள் மருந்து கொடுத்தார்கள், நெஞ்சை அழுத்தி அழுத்தி அவருடைய இதயத்தைத் திரும்பத் துடிக்க வைக்கப் பார்த்தார்கள், ஆனாலும் முடியவில்லை. இதயம் நின்றதால் மூளைக்கு இரத்தம் போகவில்லை, மூச்சும் நின்றது. உடம்பின் எல்லா வேலைகளும் இப்படி நின்றுபோய், மறுபடி தொடங்கவே முடியாமல் போவதைத்தான் இறப்பு என்கிறோம்.

தாத்தா தூங்குகிறார் என்று உறவினர் ஒருவர் உன்னிடம் சொன்னதை நானும் கேட்டேன். இரண்டு இரவுகளாக நீ கண்ணை மூடவே பயப்படுகிறாய் என்பதும் எனக்குத் தெரியும். உன்மேல் உள்ள அன்பினால்தான் அவர் அப்படிச் சொன்னார், ஆனால் அது சரியில்லை. தூங்கும்போது உன் இதயம் துடித்துக்கொண்டே இருக்கிறது, மூச்சு வந்துகொண்டே இருக்கிறது, காலையில் நீ விழித்துக்கொள்கிறாய். தாத்தா தூங்கவில்லை, இறந்துவிட்டார். அதனால் அவர் விழித்துக்கொள்ள மாட்டார். அவர் ஊருக்குப் போகவும் இல்லை, நம்மேல் கோபித்துக்கொண்டு வராமல் இருக்கவும் இல்லை. நம்மோடு இருக்க அவருக்கு ஆசை இருந்தது. ஆனால் இறந்தவர்கள் யாராலும் திரும்பி வர முடியாது. நாம் எவ்வளவு நல்ல பிள்ளையாக நடந்துகொண்டாலும், எவ்வளவு வேண்டிக்கொண்டாலும் அது மாறாது. இதைச் சொல்வது எனக்கும் கஷ்டமாக இருக்கிறது.

அவருக்குக் குளிருமா, பசிக்குமா என்று நேற்றுக் கேட்டாய். இல்லை கண்ணா. வலி, குளிர், பசி, பயம் எல்லாவற்றையும் உணர்வதற்கு மூளை வேலை செய்ய வேண்டும். தாத்தாவின் மூளை வேலை செய்யாததால் அவருக்கு இப்போது எங்கும் வலிக்கவில்லை, இருட்டும் அவருக்குத் தெரியாது. இறந்த பிறகு என்ன ஆகும் என்பதைப் பற்றி மனிதர்கள் பல விதமாக நம்புகிறார்கள். நீ வளர வளர அவற்றைப் பற்றியெல்லாம் பேசலாம். உடம்புக்கு என்ன ஆனது என்பதை மட்டும் இப்போது சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை மாலை சதுரங்கத்தில் தோற்றதும், "தாத்தா, நீங்கள் எனக்கு வேண்டாம்" என்று நீ கத்தினாய். அதை நினைத்துக்கொண்டுதான் நீ பேசாமல் இருக்கிறாய் என்று எனக்குத் தோன்றுகிறது. நீ கத்தியதால் தாத்தா இறக்கவில்லை. ஒருவர் சொன்ன சொல்லாலும், மனத்தில் நினைத்த நினைப்பாலும், கோபத்தாலும் இன்னொருவரின் இரத்தக்குழாய் அடைபடாது. அந்த அடைப்பு பல ஆண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக உண்டானது. நீ கோபத்தில் கத்தினாய் என்பது தாத்தாவுக்கும் தெரியும். அன்று இரவு என்னிடம், "நாளைக்கு அவனை ஜெயிக்க விடுகிறேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

"அம்மா, நீயும் அப்பாவும் இறந்துவிடுவீர்களா" என்று கேட்டாய். உயிருள்ள எல்லாரும் ஒருநாள் இறப்பார்கள், நாங்களும் இறப்போம். ஆனால் பெரும்பாலானவர்கள் வயதாகும்வரை நெடுநாள் வாழ்கிறார்கள். எனக்கும் அப்பாவுக்கும் இப்போது உடம்பு நன்றாக இருக்கிறது. நீ பெரியவனாகும்வரை உன்னோடு இருப்போம் என்றுதான் நினைக்கிறோம். உனக்குச் சளியோ காய்ச்சலோ வந்தால் அது தாத்தாவுக்கு வந்ததைப் போன்றதில்லை. அது சில நாள்களில் சரியாகிவிடும். தாத்தாவுக்கு வந்தது ஒட்டிக்கொள்ளும் நோயும் இல்லை, அதனால் அவருடைய போர்வையை நீ எடுத்துப் போர்த்திக்கொள்ளலாம்.

தாத்தா என்னுடைய அப்பா. அதனால் நான் திடீரென்று அழுவதை நீ பார்ப்பாய். அப்போது என்னைச் சமாதானப்படுத்த வேண்டியது உன் வேலை இல்லை. பக்கத்தில் வந்து உட்கார விரும்பினால் வா, விளையாடிக்கொண்டிருந்தால் விளையாடு. உனக்கு அழுகை வந்தாலும், வராவிட்டாலும், சிரிப்பு வந்தாலும் தப்பில்லை. இதே கேள்விகளை நாளைக்கும் அடுத்த வாரமும் கேட்கலாம், நான் இதே பதில்களைச் சொல்வேன்.

திங்கட்கிழமை முதல் பள்ளி விட்டதும் உன்னை அழைத்துவர அப்பா வருவார். தாத்தா நின்ற அதே வாசலில்தான் நிற்பார். உன் ஆசிரியையிடம் தாத்தா இறந்ததைச் சொல்லிவிட்டேன்; வகுப்பில் அழுகை வந்தால் அவரிடம் போய்ச் சொல், அவர் எனக்குத் தொலைபேசியில் சொல்வார். சதுரங்கப் பலகையை அலமாரியில், உன் கைக்கு எட்டும் தட்டில் வைத்திருக்கிறேன்.