பக்கத்து வீட்டு மாமிக்கு

கல்லடி,
ஞாயிறு காலை

அன்பான மாமி,

நேற்றிரவு மகளின் பிறந்தநாள் சத்தத்துக்கு மன்னித்துக்கொள்ளுங்கள். பத்து மணிக்குப் பாட்டை நிறுத்துவோம் என்று சொன்னது நான்தான். ஆனால் கேக் வெட்டவே ஒன்பதரை ஆகிவிட்டது. அப்புறம் தம்பியின் கூட்டாளிமார் ஸ்பீக்கரை உங்கள் மதில் பக்கம் திருப்பி வைத்திருக்கிறார்கள். பன்னிரண்டு மணிக்கு உங்கள் அறையில் லைட் எரிந்தபோதுதான் கவனித்தேன். வெட்கமாகப் போய்விட்டது.

உங்கள் வளவுக்குள் விழுந்த பலூன்களையும் பேப்பர் கோப்பைகளையும் மகன் பின்னேரம் வந்து பொறுக்குவான். கேக் அனுப்பலாம் என்றால் மாமாவுக்குச் சீனி வருத்தம். அதனால் ஒரு சட்டி எருமைத் தயிர் கொடுத்துவிடுகிறேன். இனி இப்படிச் சத்தம் கேட்டால் யோசிக்காமல் மதிலில் தட்டுங்கள், நடுச்சாமம் என்றாலும் சரி.

இப்படிக்கு,
பக்கத்து வீட்டுப் பிள்ளை