பிற்பகல் நொறுக்குத் தீனிக்கு உணவுத் திட்டம்: காரைக்குடி, வீட்டிலிருந்து வேலை, காலை 10 முதல் இரவு 7 வரை

நீங்கள் எழுதிக் கொடுத்த ஒரு வாரக் குறிப்பைப் பார்த்தேன். காலையில் வெறும் காபி, சாப்பாடு 2:30-க்கு, அதுவும் ரசம் சாதம் மட்டும். அப்புறம் நாலு மணிக்குத் தேன்குழல் டப்பா மேஜைக்கு வராமல் என்ன செய்யும்? அதனால் கை வைக்க வேண்டியது காலையில்.

காலை 8:30: இட்லி மூன்று, சாம்பார் தாராளமாக, ஒரு அவித்த முட்டை. முட்டை வேண்டாத நாளில் பாசிப்பருப்பு தோசை இரண்டு. காபியை இதற்குப் பிறகு குடியுங்கள்.

மதியம் 1:00: காலண்டரில் 1 முதல் 1:30 வரை அடைத்து வையுங்கள், யாரும் மீட்டிங் போட முடியாதபடி. சாதம் ஒன்றரைக் கப். அதே அளவுக்குக் காய்: அவரை, புடலை, வாழைப்பூ, எது கிடைக்கிறதோ அது. கூடவே பருப்பு, மீன், கோழி இவற்றில் ஒன்று. உப்புக்கறி செய்த நாளிலும் காயை விட வேண்டாம்.

மாலை 4:00: கொண்டைக்கடலை அல்லது தட்டைப்பயறு சுண்டல் ஒரு கிண்ணம். காலையிலேயே அவித்து வைத்துவிட்டால், தாளிக்க ஐந்து நிமிடம் போதும். இதோடு ஒரு டீ, சர்க்கரை ஒரு ஸ்பூன். இப்போது நாலு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன். டீயில் மட்டுமே எட்டு ஸ்பூன் ஆகிறது. முதல் வாரம் மூன்று டீ, அடுத்த வாரம் இரண்டு.

மாலை 6:00: கொய்யா, அல்லது உப்பு குறைத்த நீர்மோர்.

இரவு 8:00: இரண்டு சப்பாத்தி அல்லது இடியாப்பம், காய்க் குருமா.

பலகாரத்தை நிறுத்தச் சொல்லவில்லை. செட்டிநாட்டு வீட்டில் அது நடக்கிற காரியமும் இல்லை. ஆனால் டப்பா சமையலறை மேல் தட்டுக்குப் போகட்டும். சீப்புச்சீடை என்றால் ஒரு சின்னக் கிண்ணத்தில் பத்து, தேன்குழல் என்றால் ஒன்று. தட்டில் எடுத்து, லேப்டாப்பை விட்டு எழுந்து வந்து சாப்பிடுங்கள். வாரம் மூன்று நாள், சுண்டலுக்குப் பதிலாக அல்ல, அதைச் சாப்பிட்ட பிறகு. வெள்ளைப் பணியாரம் எண்ணெயில் பொரித்தது, அதை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம். கவுனி அரிசி உடம்புக்கு நல்லது என்று உங்கள் அப்பத்தா சொல்வது சரிதான். ஆனால் அதை இனிப்பாகச் செய்யும்போது சேரும் சர்க்கரையும் நெய்யும் தேங்காயும் அந்தக் கணக்கில் வராது.

உங்கள் குறிப்பில் இன்னொன்று: கை பெரும்பாலும் டப்பாவுக்குப் போவது நீண்ட மீட்டிங் முடிந்த நிமிடத்தில். அது பசி இல்லை, அலுப்பு. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு முற்றத்தில் பத்து நிமிடம் நடங்கள். அதற்குப் பிறகும் வயிறு கேட்டால் சாப்பிடுங்கள், தப்பில்லை.

அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது என்றதால், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி ரத்தப் பரிசோதனை ஒன்று எடுத்துவிடுங்கள். இரண்டு வாரம் கழித்து வரும்போது அந்த ரிப்போர்ட்டும், டீயும் பலகாரமும் எழுதிய நோட்டும் வேண்டும்.