வரலக்ஷ்மி விரதம் பூஜை செட்: முன்பதிவு, மாட்டுங்கா கிழக்கு, மும்பை

விரத நாள்: 2025 ஆகஸ்ட் 8, வெள்ளிக்கிழமை (ஆடி 23)
ஆர்டர் கொடுக்கக் கடைசி நாள்: ஆகஸ்ட் 4, திங்கள் இரவு 9 மணி. ஆடிப்பெருக்குக்கு மறுநாள் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.
வெளியூர் கொரியருக்கு (புனே, நாசிக், நாக்பூர்): ஜூலை 30, புதன் மாலை 5 மணி

வியாழன் சாயங்காலம் விளக்கேற்றி அம்மனை அழைக்கும் நேரத்தில் "காதோலை எங்கே, கருகமணி எங்கே" என்று யாரும் தேடக் கூடாது என்பதற்காகவே இந்த செட்டைக் கட்டுகிறோம். கலசத்துக்குள் போடுவதிலிருந்து கையில் கட்டும் சரடு வரை ஒரே பெட்டியில் இருக்கும். பெட்டிக்குள் என்னென்ன இருக்கிறது, எது இல்லை என்பதை முழுவதும் படித்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்.

செட் 1: முகம் இல்லாமல், ரூ. 1,150

அம்மா, மாமியார் கொடுத்த வெள்ளி முகமும் சொம்பும் வீட்டிலேயே இருப்பவர்களுக்கு இது போதும்.

கலசத்துக்கு: பச்சரிசி 1 கிலோ, துவரம் பருப்பு 100 கிராம், விரலி மஞ்சள் 5, கொட்டைப் பாக்கு, எலுமிச்சம்பழம் 1, ஏலக்காய், கிராம்பு, பச்சைக் கற்பூரம், காதோலை கருகமணி 2 ஜோடி. அரிசிக்குப் பதில் தண்ணீர் நிரப்பும் வழக்கம் உள்ள வீடானால் ஆர்டரிலேயே சொல்லிவிடுங்கள். அரிசி, பருப்பை எடுத்துவிட்டு ரூ. 90 குறைத்துக்கொள்வோம். கலசத்தில் போடும் பொன், வெள்ளிக் காசு உங்கள் வீட்டுடையது, செட்டில் வராது.

குடுமித் தேங்காய் 2. ஒன்று கலசத்துக்கு, ஒன்று உடைப்பதற்கு. இந்த வருஷம் நாரளி பௌர்ணமியும் நம் விரதத்தை ஒட்டியே வருகிறது. மும்பையில் எல்லோரும் தேங்காய் வாங்கும் நேரம் என்பதால் கடைசி நேரத்தில் குடுமி உள்ள காய் கிடைப்பது கஷ்டம். எங்களுக்கு வரும் காய்களில் அடி நிதானமாக, சொம்பு வாயில் ஆடாமல் உட்காருவதைத் தனியாகப் பொறுக்கி வைக்கிறோம். குடுமியை நாங்கள் பிய்ப்பதில்லை, உங்கள் முகத்துக்கு ஏற்ற மாதிரி நீங்களே திருத்திக்கொள்ளலாம்.

நோன்புச் சரடு 5. ஒன்பது இழை, ஒன்பது முடிச்சு, கையால் போட்டது. ஆடி மழை ஈரத்தில் மஞ்சள் சரடு சீக்கிரம் பூசணம் பிடிக்கும் என்பதால், நன்றாக உலர்த்திக் காகித உறையில் தருகிறோம். பூவை நீங்கள் கட்டிக்கொள்ள வேண்டும். கூடுதல் சரடு ஒன்று ரூ. 10. அக்கா, நாத்தனார், பெண் குழந்தைகள் என்று எல்லோரையும் எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கள், ஒன்றிரண்டு குறைந்துபோவது சரட்டில்தான்.

பூஜைக்கு: மஞ்சள் தூள், தாழம்பூ குங்குமம், சந்தனத் தூள், அட்சதைக்குப் பச்சரிசி தனிப் பொட்டலம், பஞ்சு வஸ்திரம், பஞ்சுத் திரி, நல்லெண்ணெய் 200 மில்லி, நெய் 100 கிராம், சூடம், ஊதுபத்தி, கப் சாம்பிராணி, இழைக்கோலத்துக்கு அரிசி மாவு, காவி. பூஜை முறையும் கதையும் பெரிய எழுத்தில் அச்சிட்ட தமிழ்ப் புத்தகம் ஒன்று.

அம்மனுக்கு: தைத்த பாவாடை 1 (அரக்கு, பச்சை, மாம்பழ மஞ்சள். நிறம் இருப்பைப் பொறுத்தது), ரவிக்கைத் துண்டு 1, கண்ணாடி வளையல் ஒரு டஜன், சின்னச் சீப்பு, கண்ணாடி, பொட்டு.

செட் 2: முகத்தோடு, ரூ. 2,650

செட் 1இல் உள்ள எல்லாமும், அதோடு ஜெர்மன் சில்வர் அம்மன் முகம், கை கால், சவுரி ஜடை, பித்தளைச் சொம்பு. தெளிவாகச் சொல்லிவிடுகிறோம்: ஜெர்மன் சில்வர் என்பது வெள்ளி இல்லை. வெள்ளியைப் போல் பளபளக்கும் வேறு உலோகம், விலைக்கு அழகாகவும் இருக்கும். புளி போட்டுத் தேய்க்காமல் மெல்லிய துணியால் துடைத்து வைத்தால் பல வருஷம் வரும். முகத்தின் பின்பக்கம் இரண்டு ஓட்டைகள் இருக்கும். அவற்றில் கோர்க்கும் நூலையும், பின்னால் முட்டுக் கொடுக்கும் குச்சியையும் சேர்த்தே வைக்கிறோம். ஒவ்வொரு முகத்தையும் அந்தப் பெட்டியில் போகும் தேங்காயில் ஒருமுறை வைத்துப் பார்த்த பிறகுதான் பெட்டி கட்டுவோம்.

இந்த வருஷம் புதிதாக விரதம் எடுக்கும் பெண்ணுக்குச் சீராகக் கொடுப்பதென்றால் இந்த செட்தான் சரி. தாம்பாளத்தில் அடுக்கிக் கொடுக்கத் தாம்பாளம் தனியாக வேண்டும்.

பூ, இலைப் பை: ரூ. 680 (செட் 1 அல்லது 2 வாங்குபவர்களுக்கு மட்டும்)

தாழம்பூ 1, தாமரை 2, மல்லிச் சரம் 2 முழம், சாமந்தி அரை கிலோ, மாவிலைக் கொத்து, வெற்றிலை 50, வாழைப்பழம் அரை டஜன், சின்ன வாழைக்கன்று ஒரு ஜோடி, நுனி இலை 2. தாழம்பூ, தாமரை இரண்டையும் எண்ணித்தான் வரவழைக்கிறோம். திங்கள் இரவு வந்த எண்ணிக்கையை வைத்துத்தான் பூக்காரரிடம் சொல்ல முடியும், அதனால்தான் அந்தக் கடைசி நாள். செவ்வாய்க்கிழமை கேட்டால் செட் இருந்தால் கொடுத்துவிடலாம், பூவுக்கு மட்டும் மறுக்க வேண்டியிருக்கும். மழையால் தாமரை வராமல் போனால் ஒரு பூவுக்கு ரூ. 40 திருப்பித் தருவோம், வேறு பூவை வைத்து ஈடுகட்ட மாட்டோம்.

கொரியரில் பூவும், தேங்காயும், எலுமிச்சையும் அனுப்புவதில்லை. வெளியூர்க்காரர்களுக்கு அந்தத் தொகையாக ரூ. 110 கழித்துவிடுவோம்.

தாம்பூலப் பை: ஒன்று ரூ. 75, குறைந்தது 5

ரவிக்கைத் துண்டு, மஞ்சள், குங்குமம், பாக்கு, சீப்பு, கண்ணாடி, இரண்டு வளையல், துணிப் பை. வெற்றிலையும் பழமும் நீங்கள் அன்றைக்கே வைப்பதுதான் நல்லது.

கொழுக்கட்டைக்குப் பதப்படுத்திய அரிசி மாவு அரை கிலோ ரூ. 70, பாகு வெல்லம் அரை கிலோ ரூ. 60. மறுநாள் சனிக்கிழமை ஆவணி அவிட்டம். பூணூல், தர்ப்பை, எள், சமித்து வேண்டுபவர்கள் இதோடு சேர்த்தே சொல்லிவிட்டால் இரண்டு முறை அலைய வேண்டாம்.

செட்டில் இல்லாதவை: மணை, மண்டபம், குத்துவிளக்கு, நகை.

எப்படி ஆர்டர் கொடுப்பது: இந்தச் செய்தி வந்த வாட்ஸ்அப் எண்ணுக்கே பெயர், செட் எண், பாவாடை நிறம், சரடு எத்தனை, பூப் பை வேண்டுமா, எந்த ஏரியா என்று எழுதி அனுப்புங்கள். தமிழில் குரல் பதிவாக அனுப்பினாலும் சரி. பாதித் தொகையை யுபிஐயில் கட்டியதும் ஆர்டர் எண் தருவோம்.

வீட்டுக்கு அனுப்புவது: செட் பெட்டி ஆகஸ்ட் 6, புதன்கிழமை வரும். பூப் பை வியாழன் காலையில், 1.30 ராகுகாலம் தொடங்கும் முன் வந்துவிடும். வடாலா, சயான், செம்பூர், காட்கோபர் ரூ. 80. முலுண்ட், வாஷி, நேருல் ரூ. 150. டோம்பிவிலி, போரிவலி பக்கத்துக்குப் பூப் பை அனுப்ப முடியாது. மழையில் ரயில் நின்றுவிட்டால் அம்மன் அழைக்கும் நேரத்துக்குப் பூ வந்து சேருமா என்ற கவலையை உங்களுக்குக் கொடுக்க விரும்பவில்லை. செட் பெட்டி மட்டும் செவ்வாயே கிளம்பிவிடும், ரூ. 200.

கடைக்கு நேரில் வந்து எடுத்துக்கொள்பவர்கள் புதன் காலை 8 முதல் இரவு 9.30 வரை, வியாழன் காலை 6 முதல் மதியம் 1 மணி வரை வரலாம். பெட்டியைக் கடையிலேயே பிரித்துச் சரிபார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்த பெட்டியில் ஏதாவது குறைந்தாலோ உடைந்தாலோ வியாழன் மதியத்துக்குள் படம் எடுத்து அனுப்பினால், அன்றைக்கே மாற்றித் தருகிறோம்.