பொருள்: அக்டோபர் 5 அன்று செலுத்த வேண்டிய பிரீமியம்

குலசேகரம்,
25.10.2025

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் ஆயுள் காப்பீட்டின் அரையாண்டு பிரீமியம் ரூ.12,480 இதுவரை வரவு வைக்கப்படவில்லை. தொடர்மழையில் ரப்பர் பால்வெட்டு முடங்கி, தோட்டக்காரர் கைகளில் பணப்புழக்கம் குறைந்திருப்பதை அறிவேன். ஆயினும், 30 நாள் சலுகைக் காலம் நவம்பர் 4 அன்று முடிகிறது என்பதையும், அதுவரை முழுப் பாதுகாப்பு தொடரும் என்பதையும், அதன்பின் பாலிசி காலாவதியாகி, புதுப்பிக்க வட்டியும் தேவைப்பட்டால் மருத்துவப் பரிசோதனையும் சேரும் என்பதையும் தெரிவிப்பது என் கடமை. இந்தக் கெடுவை நீட்டிக்க எனக்கு அதிகாரமில்லை.

நவம்பர் 3 திங்கள்கிழமைக்குள் தொகையை நிறுவனத்திடமே நேரடியாகச் செலுத்தி, ரசீதைப் பெற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஏற்கெனவே செலுத்தியிருந்தால் ரசீது நகலை அனுப்புங்கள், உடனே சரிபார்க்கிறேன். சிரமம் இருப்பின் இப்போதே சொல்லுங்கள், அடுத்த தவணைமுறையை மாற்ற வழியுண்டா எனக் கேட்டுச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் காப்பீட்டுத் தரகர்